எதிரே ஒரு குழந்தை நாற்காலி

வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் அந்த உணவகத்துக்கு யார் போன் செய்து மேசை கேட்டாலும், சபீனா முதலில் இரண்டு கேள்விகள் கேட்பாள். "சின்னப் பிள்ளைங்க வர்றாங்களா? வயசானவங்க யாராவது இருக்காங்களா?" மொத்தம் எத்தனை பேர் என்பது அதற்குப் பிறகுதான்.

அந்தச் சனிக்கிழமை மறுமுனையில் பேசிய பெண், "ரெண்டுமே இருக்கு" என்றாள். "என் பொண்ணுக்கு நாளைக்கு முதல் பிறந்தநாள். அப்பாவுக்கு எழுபத்தெட்டு."

"ஐயா நடப்பாருங்களா, மேடம்?"

"வாக்கர் வெச்சு நடப்பார். சாப்பிடத்தான் மாட்டேங்கறார்."

அவள் பெயர் மைதிலி. திருமுல்லைவாயிலில் ஒரு அடுக்குமாடி வீட்டிலிருந்து பேசினாள். அப்பாவுக்கு மறதி நோய். சில வாரங்களாக உணவைக் கண்டால் வாயை மூடிக்கொள்கிறார். ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சி இறங்க ஒரு மணி நேரம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. உடம்பு பாதியாகிவிட்டது. தொண்டையையும் வயிற்றையும் பரிசோதித்துவிட்டார்கள். விழுங்குவதில் குறை ஒன்றும் இல்லை.

"வாயத் தொறக்கறதையே மறந்துட்டாரும்மா. திங்கக்கிழமை டாக்டர் வரச் சொல்லியிருக்கார். அதுக்குள்ள கொஞ்சமாவது சாப்பிட ஆரம்பிக்கலேன்னா, மூக்கு வழியா குழாய் போடறதப் பத்திப் பேசணும்னு சொல்லிட்டார்." மூச்சை இழுத்துவிட்டுத் தொடர்ந்தாள். "முன்னெல்லாம் அவருக்கு ஹோட்டல்னா உயிர். ஒருவேளை வெளியில வந்தா... இதெல்லாம் உங்ககிட்ட எதுக்குச் சொல்றேன்னு தெரியல."

"தெரிஞ்சாத்தான் மேடம் நான் இடம் பாக்க முடியும்" என்றாள் சபீனா.

போனை வைத்ததுமே இடம் அவள் மனதில் வந்துவிட்டது. பதினொன்றாம் மேசை. கூடத்தின் கோடியில், சல்லடை போல் துளைகள் போட்ட மரத்தடுப்புக்குப் பின்னால் இருக்கும் மேசை. கை நடுங்குகிறவர்கள், வாயோரம் வழிகிறவர்கள், பிறர் ஊட்டிச் சாப்பிட வேண்டியவர்கள் வந்தால் அவள் அங்கேதான் உட்கார வைப்பாள். முகம் சுவரைப் பார்க்க, முதுகு கூடத்தைப் பார்க்க. அந்த ஏற்பாட்டுக்காகப் பலர் போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

யாரும் பார்க்காமல் இருப்பதைவிடப் பெரிய இரக்கம் இருக்க முடியாது என்பது அவள் எண்ணம். அது படித்து வந்ததல்ல. பூந்தமல்லியில் அவள் பிறந்த வீட்டில் விருந்து என்றால், சொந்தக்காரர்கள் அவள் தட்டைப் பார்ப்பார்கள். அவள் அப்போது குண்டாக இருந்தாள். "இன்னும் வைக்கவா வேணாமா?" என்று கேட்கும் குரலிலேயே சிரிப்பு இருக்கும். அந்தக் கண்களுக்கு நடுவில் ஒரு கவளத்தை வாய்வரை கொண்டுபோவது மலையைத் தூக்குவது போல இருக்கும். உடம்பு இளைத்தும் அந்தக் கண்கள் போகவில்லை. இந்த உணவகத்தில் கூடத்தின் பொறுப்பு முழுவதும் அவளுடையது. ஆனால் தன் மதியச் சாப்பாட்டை மட்டும் சமையலறைக்குப் பின்னால், ஒரு சுவரைப் பார்த்தபடி நின்றே முடித்துவிடுவாள்.

"அந்த சொவுத்துல இன்னாதாம்மா எழுதிக்கீது? டெய்லி படிச்சிகினே துன்றியே" என்பாள் சரசா. சமையலறையில் சாதமும் டிபனும் அவள் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சபீனா முதலில் அவளிடம்தான் போனாள்.

"சரசாக்கா, பச்சரிசியும் பாசிப்பருப்பும் சேத்து நல்லாக் குழைய வேணும். கரண்டியில எடுத்தா சொட்டக் கூடாது, கட்டியாவும் நிக்கக் கூடாது. மிளகு, முந்திரி, கடுகு எதுவும் முழுசா வேணாம்."

"கொயந்தைக்கா?"

"குழந்தைக்கு ஒரு கிண்ணம். எழுபத்தெட்டு வயசு ஐயாவுக்கு ஒரு கிண்ணம்."

சரசா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "பிரியாணி வாசனை ரோட்டு வரைக்கும் வீசிகினு கீது. இதுல பெரியவருக்குக் கொயந்த சோறா? நாக்கு செத்துடும்மா. கறிக்கொழம்பு சாறு ரெண்டு கரண்டி வடிகட்டி அதுல கலந்து வெக்கறேன். காரம் இருக்காது, ருசி இருக்கும்."

"சரி. ஆனா சாறு தனியா, பருக்கை தனியா நிக்கக் கூடாது. ஒண்ணா மசியணும். அதுதான் வயசானவங்களுக்குப் புரையேறாம இறங்கும்."

"மசிச்சுத் தரேன், நீ போ."

பிறகு நாற்காலிகள். சுவரோரம் இருக்கும் சோபா இருக்கைகள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முதியவர்கள் அதில் நகர்ந்து உள்ளே போகவும் முடியாது, அமிழ்ந்தபின் எழுந்திருக்கவும் முடியாது. எனவே அலுவல் அறையிலிருந்து கைப்பிடி வைத்த கெட்டியான நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். தலைக்கு மேல் ஏ.சி. காற்று நேராக இறங்காதபடி அதன் மடலைத் திருப்பினாள். அந்த மூலையின் ஒலிபெருக்கியை நிறுத்தினாள். குழந்தை நாற்காலியின் தட்டைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, இடுப்புப் பட்டையையும் கால்களுக்கு நடுவில் வரும் பட்டையையும் இழுத்துப் பார்த்து, சக்கரங்களைப் பூட்டி ஒருமுறை ஆட்டினாள். ஆடவில்லை. சூடான தட்டுகள் போகும் நடைபாதைப் பக்கம் குழந்தையை ஒருநாளும் உட்கார வைக்கக் கூடாது. அதனால் ஜன்னலோரமாக, தாத்தா உட்காரும் அதே வரிசையில், அவருக்கு இரண்டு இருக்கை தள்ளிப் போட்டாள். தாத்தாவுக்கு எதிரில் இருந்த நாற்காலிகளை எடுத்துவிட்டாள். அவருக்கு முன்னால் மேசை, அதற்கப்பால் சுவர். எந்தத் தொந்தரவும் இல்லை.

ஒரு மணிக்குச் சற்று முன்னால் கார் வந்தது. அவர்களை மேசைக்கு அழைத்துவர வேண்டியவன் பாசித். உயரமானவன், வாய் ஓயாதவன். சரிவுப் பாதையில் வாக்கரோடு மெல்ல ஏறிக்கொண்டிருந்த பெரியவரின் வேகத்துக்கே தன் நீண்ட கால்களைக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தான்.

"வாங்க நைனா. அவசரமே இல்ல. நீங்க வர்ற வரைக்கும் பிரியாணிய யாருக்கும் போடாம வெச்சிருக்கோம்."

பெரியவர் உத்தமன் அவனைப் பார்க்கவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் இயந்திரம் ஓட்டியவர் என்று மைதிலி சொன்னாள். அகலமான கைகள். சட்டைக் கழுத்து மட்டும் யாருடையதோ போலப் பெரிதாக இருந்தது. கண்கள் எதன் மேலும் நிற்கவில்லை. அவருக்குப் பின்னால் மைதிலியின் கணவர் செல்வகுமார், தோளில் குழந்தை ஸ்வாதியோடு வந்தார். குழந்தை பாசித்தின் மீசையைப் பிடிக்கக் கை நீட்டியது.

மரத்தடுப்பைக் கண்டதும் மைதிலியின் தோள்கள் தளர்ந்தன. "நல்லவேளை. யாரும் பாக்க மாட்டாங்க" என்றாள்.

சபீனாவுக்கு நிறைவாக இருந்தது.

உணவு வந்தது. சபீனாவே இரண்டு கிண்ணங்களையும் கொண்டுவந்து, சூடு ஆறிவிட்டதா என்று அடியைத் தொட்டுப் பார்த்து வைத்தாள். மைதிலி அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்து, சின்னக் கரண்டியில் பாதி எடுத்தாள்.

"அப்பா. இங்க பாருங்க. கறிக்கொழம்பு வாசனை வருது பாருங்க. கொஞ்சம் வாயத் தொறங்கப்பா."

உதடுகள் மூடியிருந்தன. கோபமாக மூடவில்லை. பிடிவாதமும் இல்லை. பூட்டிவிட்டு யாரோ வெளியூர் போன வீடு போல மூடியிருந்தன. கரண்டி உதட்டைத் தொட்டது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் மரத்தடுப்பின் நிழல், துளை துளையாக விழுந்திருந்தது.

"ஒரே ஒரு வாய்ப்பா. பாப்பாவுக்குப் பிறந்தநாள் இன்னிக்கு."

கரண்டியில் இருந்தது உதட்டோரம் ஒட்டிக் கீழே விழுந்தது. மைதிலி துடைத்தாள். மறுபடி எடுத்தாள். மறுபடி துடைத்தாள். அந்தப் பக்கம் செல்வகுமார் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே, "விடு மைதிலி, கொஞ்ச நேரம் கழிச்சுப் பாக்கலாம்" என்றார்.

"கழிச்சுன்னா எப்போ? நாளைக்குத் திங்கக்கிழமை."

தடுப்புக்கு அருகில் நின்றிருந்த சபீனா தன் ஏற்பாடுகளை ஒவ்வொன்றாக மனதில் சரிபார்த்தாள். நாற்காலி சரி. காற்று சரி. வெளிச்சம், சத்தம், உணவு எல்லாம் சரி. அப்படியும் அந்த மூலையில் ஏதோ ஒன்று செத்துக் கிடந்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது குழந்தை சிணுங்கியது. வெயில் ஜன்னலுக்குள் சாய்ந்து நேராக அதன் கண்ணில் விழுந்திருந்தது. செல்வகுமார் திரும்பி, "இவளக் கொஞ்சம் தள்ளி உட்கார வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

சபீனா சுற்றிலும் பார்த்தாள். நடைபாதைப் பக்கம் ஆகாது. தாத்தாவுக்கு மறுபுறம் வாக்கர் நின்றது. மிச்சம் இருந்தது ஒரே இடம்: மேசைக்கும் சுவருக்கும் நடுவில் அவள் காலியாக விட்டிருந்த இடம். சக்கரங்களின் பூட்டை விடுவித்து, குழந்தையோடு நாற்காலியை உருட்டிக்கொண்டுபோய், சுவரைப் பின்னால் வைத்து நிறுத்திப் பூட்டினாள். கால்களால் மேசையை உதைத்து நாற்காலியைச் சாய்த்துவிடாதபடி ஒரு முழம் இடைவெளி விட்டாள். செல்வகுமார் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு கிண்ணத்தை எடுத்தார்.

"ஆ காட்டு ஸ்வாதிக்குட்டி. ஆ..."

குழந்தை முகம் முழுவதும் வாயாகத் திறந்தது. கீழே இரண்டு பற்கள், நாக்கில் ஒட்டிய பருப்பு, எல்லாம் தெரிந்தன. கரண்டி உள்ளே போனதும் கன்னங்கள் அசைந்தன.

மைதிலி குனிந்து கிண்ணத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கவில்லை. சபீனா பார்த்தாள். பெரியவரின் கண்கள் ஒரு இடத்தில் நின்றிருந்தன.

"இன்னொண்ணு. ஆ..."

குழந்தையின் வாய் திறந்தது. மேசைக்கு இந்தப் பக்கம், காய்ந்து ஒட்டியிருந்த அந்த உதடுகளும் பிரிந்தன. ஒரு விரல் அகலம்கூட இருக்காது. பிறகு மூடிக்கொண்டன.

சபீனா நகரவும் பயந்தாள். மெல்ல மைதிலியின் காதருகே குனிந்தாள்.

"மேடம். கரண்டியத் தயாரா வெச்சுக்கங்க. அவர்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. பாப்பா தொறக்கும்போது, அந்த நேரத்துக்கே."

மைதிலி நிமிர்ந்து, எதிரே பார்த்து, அப்பாவைப் பார்த்தாள். புரிந்தது போலவும் இருந்தது, புரியாதது போலவும் இருந்தது. கரண்டியை உயர்த்தினாள்.

"ஆ..." என்றார் செல்வகுமார்.

இரண்டு வாய்கள் திறந்தன.

இரண்டு கரண்டிகள் உள்ளே போயின. குழந்தை மென்றது. அதைப் பார்த்தபடியே பெரியவரின் தாடை அசைந்தது, மறந்துபோன ஒரு யந்திரத்தை யாரோ கையால் சுற்றிப் பார்ப்பது போல, முதலில் தயங்கி, பிறகு சுற்றுக்கு வந்து. கழுத்தின் சுருக்கங்களுக்கு நடுவே குரல்வளை மேலே ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டார்.

மைதிலி சத்தமில்லாமல் அழுதாள். கை மட்டும் அடுத்த கரண்டியை எடுத்துக்கொண்டிருந்தது.

"அவசரப்படாதீங்க" என்று சபீனா முணுமுணுத்தாள். "தொண்டை இறங்கினப்புறம் அடுத்தது."

குழந்தைக்கு அந்தப் பொறுமை இல்லை. தாத்தா விழுங்கும்வரை காக்க வைத்ததற்காகத் தட்டை அடித்தது. பெரியவர் அந்தக் கையைப் பார்த்தார். மறுபடி வாய் திறந்தது. மறுபடி. செல்வகுமாரும் மைதிலியும் கண்ணாலேயே நேரம் பார்த்துக்கொண்டு ஊட்டினார்கள். ஒரு வயதும் எழுபத்தெட்டு வயதும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஒரே சோற்றைத் தின்றுகொண்டிருந்தன. யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தது என்று சொல்ல முடியாதபடி இருந்தது அது. சபீனாவுக்குத் தொழுகையில் நிற்பது போல இருந்தது. அவள் ஏற்பாடு செய்யாத ஒன்று, அவள் ஏற்பாட்டை மீறி, அவள் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

திடீரென்று கூடத்தின் விளக்குகள் மங்கின.

சபீனாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பிறந்தநாள்! இந்த உணவகத்தில் பிறந்தநாள் என்றால் விளக்கைக் குறைத்துவிட்டு, பாசித் முன்னால் வர, நான்கைந்து பேர் எவர்சில்வர் தட்டுகளைக் கரண்டியால் தட்டிக்கொண்டு வருவார்கள். காது கிழியும். வேண்டாமென்று சொல்ல மறந்துவிட்டாள். அந்தச் சத்தத்தில் குழந்தை வீறிடும், பெரியவரின் பார்வை கலையும். கலைந்தால் திரும்ப வருமா?

அவள் தடுப்பைத் தாண்டி ஓடினாள். பாசித் ஏற்கனவே கரண்டியை ஓங்கியிருந்தான். அவள் இரண்டு கைகளையும் உயர்த்தினாள். அவள் முகத்தில் எதைக் கண்டானோ, பாசித்தின் கை அந்தரத்தில் நின்றது. பின்னால் வந்தவர்கள் அவன் முதுகில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இன்னாக்கா? எதனா ஆச்சா?" என்று கிசுகிசுத்தான்.

"சாப்பிடறாரு பாசித்."

அவன் அவள் தோளுக்கு மேலாகத் தடுப்பின் துளைகள் வழியே பார்த்தான். காலையிலேயே விஷயத்தைக் கேட்டிருந்தவன் அவன். ஓங்கிய கரண்டியை மெல்ல இறக்கி, தட்டின் மேல் சத்தம் வராமல் வைத்தான். "யப்பா" என்றான். அது மட்டும்தான் சொன்னான். பாசித் அதற்குமேல் பேசாமல் இருந்ததை அவள் முன்பு கண்டதில்லை.

நின்றுபோன ஊர்வலத்தைப் பார்த்துப் பக்கத்து மேசைகள் திரும்பின. அவர்களும் துளைகள் வழியே, பக்கவாட்டில் தெரிந்த பெரியவரின் தாடை அசைவதைப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் மகன் கையிலிருந்த போனின் சத்தத்தை நிறுத்தினாள். நீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒருவர் செம்பைக் கீழே வைத்தார். பழைய பழக்கத்தில் சபீனா தடுப்பை மறைத்துக்கொள்ள ஒரு அடி எடுத்து வைத்தாள். பார்க்கிறார்கள். ஒரு மனிதன் வாயைத் திறப்பதை இத்தனை பேர் பார்க்கிறார்கள். அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதிலும் அவளுக்குத் தெரிந்த அந்தச் சிரிப்பு இல்லை. மழை விழுவதைப் பார்ப்பது போல, வாய் சற்றுத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தடுப்புக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பல நாள் பேசாத, துருப்பிடித்த குரல்.

"சூடா கீது."

"கொயந்தைக்கு சூடா கீது" என்றார் உத்தமன். அவர் பார்வை செல்வகுமார் கையிலிருந்த கரண்டியில் இருந்தது. "ஊதிக் குடுடா."

கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வாயால் 'வாங்க மாப்ள' தவிர வேறு கேட்டறியாத செல்வகுமார், எப்போதோ ஆறிப்போயிருந்த அந்தச் சோற்றைக் கடமையாக ஊதினார். அவருடைய மூக்குக்கண்ணாடி கண்ணீரில் நனைந்திருந்தது. இங்கே பெரியவரும் உதடுகளைக் குவித்து, மேசைக்கு மேல் காற்றில் ஊதினார். ஊதிவிட்டு, வாயைத் திறந்தார்.

மைதிலி ஊட்டினாள். கிண்ணம் காலியானபோது அவள் சபீனாவைத் திரும்பிப் பார்த்தாள். கேட்கும் முன்பே சபீனா பாசித்திடம் ஒரு விரலைக் காட்டினாள். அவன் சமையலறைக்கு ஓடினான். "சரசாக்கா, இன்னொரு கிண்ணம்!" என்று அவன் கத்தியது கூடம் வரை கேட்டது.

இரண்டாவது கிண்ணத்தில் பாதிதான் போனது. பிறகு ஸ்வாதி வயிறு நிறைந்து தலையைத் திருப்பிக்கொண்டது, தாத்தாவும் திருப்பிக்கொண்டார். யாரும் வற்புறுத்தவில்லை. உடனே சாயக் கூடாதென்று அவரை அப்படியே நிமிர்ந்து உட்கார வைத்திருந்தார்கள். அதற்குள் கேக் வந்தது. பாசித் தட்டை விரல் நுனியால் தட்டினான். தூறல் போல இருந்தது. குழந்தை கை கொட்டியது.

போகும்போது மைதிலி தடுப்பருகே நின்றாள்.

"நாளைக்கும் வாயத் தொறப்பாரான்னு எனக்குத் தெரியாது" என்றாள். "ஆனா டாக்டர்கிட்ட இதச் சொல்வேன். குழாயப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் கேப்பேன்."

"வீட்ல எங்க உட்கார வெச்சு ஊட்டறீங்க, மேடம்?"

"அவர் ரூம்லதான். கட்டில்ல. கதவச் சாத்திட்டு. அமைதியா இருக்கட்டும்னு..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவர் மனதிலும் அந்தச் சாத்திய கதவே இருந்தது.

"பாப்பாவோட நாற்காலிய அங்க கொண்டுபோயிடறேன்" என்றாள் மைதிலி. பிறகு தலையை ஆட்டினாள். "இல்ல. அப்பாவை வெளிய கூட்டிட்டு வரேன்."

கார் நெடுஞ்சாலையில் ஏறியபின் சபீனா திரும்பி வந்தாள். குழந்தை நாற்காலியின் தட்டைக் கழற்றித் துடைத்தாள். மரத்தடுப்பை அவள் எடுத்துவிடவில்லை. அதை வேண்டுகிறவர்கள் நாளையும் வருவார்கள். ஆனால் அடுத்து யார் அழைத்தாலும் மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று தோன்றியது. யார் முகத்தைப் பார்த்தால் அவர் சாப்பிடுவார்?

கூட்டம் குறைந்திருந்தது. சமையலறைக்குப் பின்னால் சரசா, கவிழ்த்த பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்து தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். சபீனா தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வழக்கமான சுவரருகே போனாள். நின்றாள். சுவரில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

இன்னொரு பெட்டியை இழுத்து, சரசாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

சரசா மெல்லுவதை நிறுத்தினாள். "இன்னாம்மா இது? சொவுரு கோச்சிக்கப் போவுது."

சபீனா சிரித்தாள். கவளத்தை எடுத்த கை பாதியில் தயங்கியது. சரசா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே, தன்னையறியாமல், தன் வாயையும் கொஞ்சம் திறந்தாள்.

சபீனா சாப்பிட்டாள்.